எட்டு ஆண்டு பழைய படம், ஆறு படங்கள் கொண்ட ஒரு தாள்: ஒரு தவறான கைது எப்படி நடந்தது

2023-ன் தொடக்கத்தில் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் எட்டு மாதக் கர்ப்பிணி ஒருவரை வழிப்பறி வழக்கில் போலீஸ் கைது செய்தது. குற்றத்துக்கும் அவருக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. முக அடையாளம் காணும் மென்பொருள் அவர் படத்தை எடுத்துக் கொடுத்தது, மற்றதை மனிதர்கள் செய்து முடித்தார்கள். சம்பந்தப்பட்ட யாருடைய பெயரையும் இங்கே எழுதவில்லை. எந்த இடத்தில் எந்த முடிவு எடுக்கப்பட்டது, அது ஏன் அப்போது சரியாகத் தோன்றியது என்பதைத்தான் வரிசையாகப் பார்க்கப் போகிறோம்.

பின்னணி

டெட்ராய்ட்டில் 2016-ல் ஒரு திட்டம் தொடங்கியது. முதலில் எட்டு பெட்ரோல் பங்குகள் சேர்ந்தன. கடைக்காரர் தன் செலவில் நல்ல கேமராக்களைப் பொருத்துவார், வாசலில் ஒரு பச்சை விளக்கு மினுக்கிக்கொண்டிருக்கும், அந்தக் கேமராக்களின் படம் நேரடியாகப் போலீஸ் கட்டுப்பாட்டு அறைக்குப் போகும். பிறகு நூற்றுக்கணக்கான கடைகள், பங்குகள், குடியிருப்புகள் என்று திட்டம் பெருகியது. இந்தக் காட்சிகளோடு முக அடையாளம் காணும் மென்பொருளும் சேர்ந்தபோது நகரத்தில் பெரிய எதிர்ப்பு கிளம்பியது. நகர மக்களில் நான்கில் மூன்று பேருக்கு மேல் கறுப்பினத்தவர், கறுப்பினத்தவரின் முகங்களில்தான் இந்த மென்பொருள்கள் அதிகம் தடுமாறுகின்றன என்பது ஏற்கெனவே தெரிந்த விஷயம்.

அந்த எதிர்ப்பால் 2019-ல் ஒரு விதிமுறை வந்தது. ஓடிக்கொண்டிருக்கும் நேரடிக் காட்சியில் முகம் தேடக் கூடாது. ஒரு குற்றம் நடந்து, அதில் கிடைத்த நிலைப்படத்தை மட்டும்தான் தேடலாம், அதுவும் வன்முறைக் குற்றங்களுக்கும் வீடு புகுந்த குற்றங்களுக்கும் மட்டும். கிடைக்கும் பொருத்தம் ஒரு துப்பு, அவ்வளவுதான், அடையாளம் அல்ல. படிக்கும்போது இது நல்ல விதி மாதிரித்தான் இருக்கிறது. ஆனால் இந்த விதி வந்த பிறகும், 2020 ஜனவரியில், கடை ஒன்றில் கைக்கடிகாரங்கள் திருடியதாக ஒருவரை அவர் வீட்டு வாசலில், மனைவியும் பிள்ளைகளும் பார்த்துக்கொண்டிருக்கக் கைது செய்து சுமார் முப்பது மணி நேரம் அடைத்து வைத்தார்கள். அந்தத் திருட்டு விதிமுறைக்கு முந்தைய ஆண்டு நடந்தது, தேடலும் அதற்கு முன்பே முடிந்துவிட்டது, கைது மட்டும்தான் பின்னால் வந்தது. அந்தத் தேடல் முடிவுத் தாளிலேயே, இது உறுதியான அடையாளம் அல்ல, விசாரணைக்கான துப்பு மட்டுமே, கைது செய்யப் போதுமான காரணம் ஆகாது என்று பெரிய எழுத்தில் அச்சிட்டிருந்தது. எச்சரிக்கை தாளில் இருந்தும் கைது நடந்தது. அதைக் கவனத்தில் வைத்துக்கொண்டு 2023-க்கு வருவோம்.

குற்றம்

ஒரு ஆண் போலீஸில் புகார் கொடுக்கிறார். ஒரு பெண்ணைச் சந்தித்ததாகவும், அன்று அவளோடு நேரம் செலவிட்டதாகவும், இருவரும் ஒரு பெட்ரோல் பங்குக்குப் போனதாகவும் சொல்கிறார். அவளை ஓர் இடத்தில் கொண்டுபோய் விட்ட பிறகு, துப்பாக்கியோடு வந்த ஒருவன் அவருடைய காரையும் செல்போனையும் பறித்துக்கொண்டான். இரண்டு நாள் கழித்து ஒரு பெண் அந்தச் செல்போனை அதே பங்கில் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போகிறாள்.

விசாரணை அதிகாரிக்கு இது நல்ல பிடி. பங்கில் கேமரா இருக்கிறது, கொடுத்தவள் முகம் பதிவாகியிருக்கிறது. அந்தப் படத்தை எடுத்து முகத் தேடலுக்கு அனுப்புகிறார். இதுவரை யாரும் தவறு செய்யவில்லை. நான் அந்த இடத்தில் இருந்தாலும் இதைத்தான் செய்திருப்பேன்.

தேடல் என்ன செய்கிறது

இங்கே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் பின்னால் நடந்த எல்லாவற்றுக்கும் வேர் இதில்தான் இருக்கிறது.

மென்பொருள் முகத்தைப் "பார்த்து" யாரென்று சொல்வதில்லை. படத்தில் உள்ள முகத்தை ஒரு நீண்ட எண் வரிசையாக மாற்றுகிறது. போலீஸின் படக் கிடங்கில் உள்ள ஒவ்வொரு படத்துக்கும் அப்படி ஒரு எண் வரிசை முன்பே தயாராக இருக்கும். இரண்டு வரிசைகளும் எவ்வளவு நெருக்கம் என்று கணக்கிட்டு ஒரு மதிப்பெண் போடும். பிறகு அதிக மதிப்பெண்ணிலிருந்து கீழே இறங்கும் ஒரு பட்டியலைக் கொடுக்கும். அந்தப் பட்டியலை ஒரு பரிசோதகர் கண்ணால் பார்த்து ஒருவரைத் தேர்ந்தெடுப்பார்.

தேடப்படும் ஆள் அந்தக் கிடங்கிலேயே இல்லாமல் இருக்கலாம். அப்போதும் பட்டியல் வரும். இருப்பவர்களில் அவரை மிக அதிகமாக ஒத்திருப்பவர் முதலிடத்தில் வந்து உட்கார்ந்திருப்பார், மதிப்பெண்ணும் பார்க்க நன்றாகவே இருக்கும். கிடங்கு பெரிதாகப் பெரிதாக இது மோசமாகிறது. ஒரு கற்பனைக் கணக்கு: சம்பந்தமில்லாத இருவரை ஒரே ஆள் என்று தவறாகச் சொல்வது லட்சத்தில் ஒரு முறைதான் என்று வைத்துக்கொள்வோம். கிடங்கில் ஐந்து லட்சம் படங்கள் இருந்தால், ஒவ்வொரு தேடலுக்கும் சராசரியாக ஐந்து அப்பாவிகள் மேலே வருவார்கள். லட்சத்தில் ஒன்று என்று கேட்கும்போது பிசகே இல்லாத கருவி போலத்தான் தோன்றும், அந்த ஐந்து பேரில் ஒருவராக இருப்பவருக்குத்தான் அதன் கனம் தெரியும்.

டெட்ராய்ட்டின் அப்போதைய போலீஸ் தலைவர் ஜேம்ஸ் கிரெய்க் 2020-ல் ஒரு பொதுக் கூட்டத்தில் இதை மறைக்காமல் சொன்னார். மென்பொருளை மட்டும் நம்பினால் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து, தொண்ணூற்றேழு முறை தவறான ஆளைத்தான் காட்டும் என்றார். அவர் சொல்ல வந்தது மனிதர்கள் அதைச் சரிபார்க்கிறார்கள் என்பதுதான். அந்தச் சரிபார்ப்பு எப்படி நடந்தது என்பதுதான் அடுத்த கட்டம்.

இந்தத் தேடலில் முன்னே வந்தது 2015-ல் எடுத்த ஒரு போலீஸ் கோப்புப் படம். காலாவதியான லைசென்ஸோடு வண்டி ஓட்டியதற்காக அப்போது பிடிபட்டபோது எடுத்தது. ஒரு சின்ன விஷயத்துக்கு ஒரு முறை முகம் கோப்பில் ஏறினால், அதன் பிறகு நடக்கும் ஒவ்வொரு தேடலிலும் அந்த முகம் ஒப்பிடப்படும். எட்டு வருடம் கழித்து அதுதான் நடந்தது. அவருடைய இதைவிடப் புதிய ஓட்டுநர் உரிமப் படம் போலீஸ் பார்க்கக்கூடிய இடத்தில் இருந்தும், எடுத்தது பழையதைத்தான் என்பது பின்னால் வழக்கில் வைக்கப்பட்ட முக்கியக் குற்றச்சாட்டுகளில் ஒன்று.

ஆறு படங்கள்

துப்பு கிடைத்தது. அடுத்து அதை உறுதிப்படுத்த வேண்டும். அதிகாரி இந்த இடத்தில் எடுத்த முடிவுதான் வழக்கைத் திசை மாற்றியது: அந்தப் பழைய படத்தோடு வேறு ஐந்து பெண்களின் படங்களைச் சேர்த்து ஒரு தாளாக்கிப் பாதிக்கப்பட்டவரிடம் காட்டினார்கள். அவரும் அந்தப் பெண்ணைத்தான் சுட்டினார்.

அதிகாரியின் பக்கமிருந்து பாருங்கள். இயந்திரம் ஒருவரைச் சொல்கிறது, குற்றம் நடந்த நாளில் அந்தப் பெண்ணோடு நேரம் செலவிட்ட மனிதரும் அதே ஆளைச் சொல்கிறார். இரண்டு தனித்தனி வழிகள் ஒரே இடத்தில் வந்து சேர்ந்துவிட்டன. வேறென்ன வேண்டும்?

ஆனால் அவை தனித்தனி வழிகளே இல்லை. வீடியோவில் இருந்தவளை ஒத்திருக்கிறார் என்பதற்காகவே லட்சக்கணக்கான முகங்களிலிருந்து பொறுக்கி எடுத்த ஒருவரின் படம் அந்தத் தாளில் இருக்கிறது. மற்ற ஐந்து படங்கள் அப்படிப் பொறுக்கியவை அல்ல, வயதும் நிறமும் ஏறத்தாழ ஒத்துப்போவதால் சேர்த்தவை. சாட்சி தன் நினைவில் உள்ள முகத்துக்கு மிக நெருக்கமானது எது என்று தேடுவார், இயல்புதானே. இயந்திரம் ஏமாந்த அதே சாயலில் அவரும் ஏமாறுகிறார். உண்மையான குற்றவாளி அந்தத் தாளில் இல்லவே இல்லை என்றாலும் அவர் விரல் ஒரு படத்தில்தான் போய் நிற்கும், எந்தப் படம் என்பது தாளைத் தயாரித்தபோதே கிட்டத்தட்ட முடிவாகிவிட்டது.

அடையாள அணிவகுப்பு என்ற முறை உருவான காலத்தில் சந்தேகத்துக்குரியவர் வேறு காரணத்தால் அங்கே வந்து நிற்பார். திருட்டுப் பொருள் அவரிடம் கிடைத்திருக்கும், அக்கம்பக்கத்தில் பார்த்ததாக யாராவது சொல்லியிருப்பார்கள். முகச் சாயலுக்கும் அந்தக் காரணங்களுக்கும் தொடர்பு இல்லை, அதனால்தான் சாட்சி சுட்டுவது புதிதாக ஒரு தகவலைச் சேர்த்தது. முகத் தேடலில் வந்தவர் அங்கே நிற்பதே முகச் சாயலால்தான். அவரைச் சாட்சி சுட்டுவதால் நமக்குப் புதிதாகத் தெரிய வருவது மிகக் குறைவு. இந்த ஒரு விஷயத்தைப் புரிந்துகொண்டால் மற்ற தவறான கைதுகள் பலவும் அப்படியே விளங்கிவிடும். 2020-ல் கைதானவர் வழக்கிலும் இதேதான், இன்னும் மோசமாக. அங்கே படங்களைப் பார்த்துச் சுட்டியவர் திருட்டை நேரில் கூடப் பார்க்கவில்லை, கடையின் கேமராப் பதிவை மட்டும் பார்த்தவர்.

வாசலில்

தேடல் முடிவும் சாட்சி சொன்னதும் சேர்ந்து கைது ஆணை ஆனது. பிப்ரவரி மாதம் ஒரு காலை, ஆறு அதிகாரிகள் அவர் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். பிள்ளைகளைப் பள்ளிக்குக் கிளப்பிக்கொண்டிருந்தார். கார் பறித்ததாகவும் கொள்ளையடித்ததாகவும் சொன்னதும், விளையாடுகிறீர்களா என்று தன் வயிற்றைக் காட்டினார். எட்டு மாதம்.

அந்த ஒரு நிமிடம் எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது. மூன்று வாரத்துக்குள் நடந்த குற்றம் அது. வீடியோவில் உள்ள பெண் கர்ப்பிணியாகத் தெரியவில்லை, பாதிக்கப்பட்டவரும் அப்படி ஒன்றைச் சொல்லவில்லை. வாசலில் நிற்கிற ஆறு பேருக்கும் கண் இருக்கிறது. ஒரு போன் போட்டு, புகார் கொடுத்தவரிடம் அந்தப் பெண் கர்ப்பமாக இருந்தாளா என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் அங்கேயே முடிந்திருக்கும். கேட்கவில்லை. கையில் ஆணை இருக்கிறது, ஆணையை நிறைவேற்றுவதுதான் அவர்கள் வேலை, அதைச் சோதிப்பது வேறு யாருடைய வேலையோ. ஆணை கொடுத்தவரும் இப்படித்தான் நினைத்திருப்பார், சாட்சி சுட்டியிருக்கிறார், விசாரணை அதிகாரி சரிபார்த்திருப்பார் என்று. ஒவ்வொரு கையும் முந்தைய கையை நம்பியது. எல்லாவற்றுக்கும் முன்னால் இருந்த கை மென்பொருளுடையது.

சுமார் பதினோரு மணி நேரம் காவலில் இருந்தார். விசாரித்தார்கள், அவருடைய போனையும் எடுத்துக்கொண்டார்கள். மாலையில் ஒரு லட்சம் டாலர் சொந்தப் பிணையில் விட்டார்கள். நேராக மருத்துவமனைக்குப் போனார், உடம்பில் நீர்ச்சத்து வற்றியிருந்தது. சுமார் ஒரு மாதம் கழித்து அரசுத் தரப்பு வழக்கைக் கைவிட்டது.

அதற்குப் பிறகு

அதே ஆண்டு ஆகஸ்டில் அவர் நகரத்தின் மீது வழக்குப் போட்டார். அமெரிக்காவில் முகத் தேடலால் தவறாகக் கைதானதாக அதுவரை வெளியே தெரிந்தவர்கள் ஆறு பேர், ஆறு பேரும் கறுப்பினத்தவர், அவர்களில் முதல் பெண் இவர். தற்செயல் என்று இதைத் தள்ளிவிட முடியாது. அமெரிக்க அரசின் தர நிர்ணய நிறுவனமான நிஸ்ட் 2019-ல் 189 மென்பொருள்களைச் சோதித்து வெளியிட்ட அறிக்கையில், கிடங்கோடு ஒப்பிடும் தேடல்களில் தவறான பொருத்தம் அதிகமாக வருவது கறுப்பினப் பெண்களுக்கு என்று பதிவு செய்திருக்கிறது. எல்லா மென்பொருளும் ஒரே அளவுக்கு மோசமில்லை, சிலவற்றில் இந்த வேறுபாடு மிகக் குறைவு என்பதும் அதே அறிக்கையில் உண்டு. அப்படியென்றால் எந்த மென்பொருளை வாங்கினார்கள், வாங்கும் முன் அந்த ஊர் முகங்களை வைத்துச் சோதித்தார்களா என்பது நியாயமான கேள்விதானே.

வழக்கு வெளியே வந்த சில நாளில், கிரெய்க்குக்குப் பிறகு வந்த போலீஸ் தலைவர் செய்தியாளர்களைச் சந்தித்தார். தவறு மென்பொருளில் இல்லை, விசாரணை சரியில்லை என்பது அவர் நிலைப்பாடு. பாதி சரி. விசாரணை நிச்சயமாகச் சரியில்லை. ஆனால் நம்பக்கூடிய தோற்றத்தில் ஒரு தவறான பெயரைக் கையில் கொடுத்துவிட்டு, அதை நம்பியவர் மேல் மட்டும் பழியைப் போடுவதை என்னால் ஏற்க முடியவில்லை. எப்படியோ, அவர் அறிவித்த மாற்றங்கள் சரியான இடத்தைத் தொட்டன. முகத் தேடலில் கிடைத்த படத்தை இனி சாட்சிக்குக் காட்டும் தாளில் வைக்கக் கூடாது. தேடலில் பெயர் வந்தால், அந்த ஆளுக்குக் குற்றத்தோடு தொடர்பு இருக்க வழி உண்டா என்பதற்கு வேறு ஆதாரம் வேண்டும், அதற்குப் பிறகே படங்களைக் காட்டலாம். காட்டும் அதிகாரிக்கு யார் சந்தேக நபர் என்று தெரியக் கூடாது, படங்களை ஒன்றன்பின் ஒன்றாகக் காட்ட வேண்டும்.

2024 ஜூனில், 2020-ல் கைதானவர் போட்ட வழக்கில் நகரம் சமரசம் செய்துகொண்டது. மூன்று லட்சம் டாலர் இழப்பீடு. பணத்தைவிட நிபந்தனைகள் பெரியவை: தேடல் முடிவை மட்டும் வைத்துக் கைது கூடாது, தேடல் முடிந்த கையோடு நடத்தும் படத்தாள் அடையாளத்தை மட்டும் வைத்தும் கைது கூடாது, 2017 முதல் இந்தத் தொழில்நுட்பம் பயன்பட்ட கைது வழக்குகளைத் தணிக்கை செய்ய வேண்டும். ஆறு படத்தாளின் ஓட்டை ஒரு நீதிமன்ற ஒப்பந்தத்தில் ஏறிவிட்டது.

நேரடித் தெரு கேமராவில் இது எப்படி மாறுகிறது

டெட்ராய்ட் செய்தது நடந்து முடிந்த குற்றத்தின் படத்தைத் தேடுவது. லண்டனில் மாநகரப் போலீஸ் செய்வது வேறு. வேனில் கேமரா வைத்து, தெருவில் போகும் ஒவ்வொரு முகத்தையும் தேடப்படுவோர் பட்டியலோடு அந்த நொடியிலேயே ஒப்பிடுகிறார்கள். பொருந்தவில்லை என்றால் உடனே அழித்துவிடுகிறார்கள். பொருந்தினால் பக்கத்தில் நிற்கும் போலீஸுக்கு எச்சரிக்கை போகும்.

இங்கே அளவு எப்படி மாறுகிறது பாருங்கள். அந்த மென்பொருளைப் பிரிட்டனின் தேசிய இயற்பியல் ஆய்வகம் சோதித்து 2023-ல் அறிக்கை கொடுத்தது. எவ்வளவு மதிப்பெண் வந்தால் பொருத்தம் என்று எடுத்துக்கொள்வது என்ற வரம்பை 0.6 என்று வைத்து, பட்டியலில் பத்தாயிரம் பேர் இருந்தால், கடந்து போகும் ஏறத்தாழ ஆறாயிரம் பேருக்கு ஒருவர் மீது தவறான எச்சரிக்கை. அறுபதாயிரம் பேர் நடக்கும் தெருவில் அது பத்துப் பேர். அந்தத் தெருவில் அன்று பட்டியலில் உள்ள உண்மையான ஆட்கள் இரண்டே பேர் வந்தால், பன்னிரண்டு எச்சரிக்கையில் பத்து தவறு. மேலும் 0.6-க்கும் கீழே வரம்பை இறக்கினால் கறுப்பினத்தவர் மீது வரும் தவறான எச்சரிக்கைகள் கூடுகின்றன, 0.6-லோ அதற்கு மேலோ வைத்தால் அந்த வேறுபாடு புள்ளியியல் ரீதியாகத் தெரிவதில்லை. ஓர் அமைப்புப் பக்கத்தில் யாரோ மாற்றும் ஒரு சின்ன எண், தெருவில் யாரை நிறுத்துவார்கள் என்பதைத் தீர்மானிக்கிறது.

2024 பிப்ரவரியில் லண்டன் பாலத்தின் அருகே அப்படி ஒருவரை நிறுத்தினார்கள். இளைஞர்களைக் கத்திக் குத்து வன்முறையிலிருந்து விலக்கும் தொண்டு வேலையை முடித்துவிட்டு வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தவர் அவர். பாஸ்போர்ட்டின் படத்தைக் காட்டியும் கைரேகை கேட்டார்கள், இருபது நிமிடத்துக்கு மேல் போனது. கைது ஆகவில்லை. ஆனால் நான் அவனில்லை என்று தெருவில் நின்று நிரூபிக்கும் பாரம் அவர் தலையில் விழுந்தது, டெட்ராய்ட்டில் அந்தப் பெண் தன் வயிற்றைக் காட்டியது போலவே.

என்ன மாற வேண்டும்

முதலில் வரம்பு எண். டில்லி போலீஸ் 2022-ல் தகவல் உரிமைச் சட்டக் கேள்விக்குப் பதிலளித்தபோது, எண்பது சதவீதத்துக்கு மேல் ஒத்திருந்தால் அதைப் பொருத்தமாக எடுத்துக்கொள்வதாகச் சொன்னது. எண்பது சதவீத ஒற்றுமை என்றால் அந்த ஆளாக இருக்க எண்பது சதவீத வாய்ப்பு என்று அர்த்தமில்லை. அது ஒரு மென்பொருளின் உள் மதிப்பெண், வேறு மென்பொருளில் அதே எண்பதுக்குப் பொருளே வேறு. எந்தக் கிடங்கில், எந்தத் தரப் படத்தில், அந்த எண்ணில் எத்தனை தவறு வரும் என்று சோதித்துப் பார்க்காமல் எந்த எண்ணையும் விதியில் எழுதக் கூடாது.

அடுத்தது வெளிப்படைத்தன்மை, எனக்கு இதுதான் முக்கியம். டெட்ராய்ட் வழக்கில் என்ன நடந்தது என்று நமக்குத் தெரிவதே அவர் வழக்குப் போட்டதால்தான். பெரும்பாலான வழக்குகளில் குற்றப்பத்திரிகையில் "சாட்சி அடையாளம் காட்டினார்" என்று மட்டும்தான் இருக்கும், அதற்கு முன்னால் ஒரு இயந்திரம் இருந்ததே தெரியாது. 2023-ல் நியூ ஜெர்ஸி மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒரு கொள்ளை வழக்கில் இந்தக் கதவைத் திறந்தது. தேடலில் எந்த மென்பொருள் பயன்பட்டது, அதன் பிழை அளவு என்ன, எந்தப் படத்தைக் கொடுத்தார்கள், அந்தப் படத்தைத் திருத்தினார்களா என்பதை எல்லாம் குற்றம் சாட்டப்பட்டவர் கேட்டுப் பெறலாம் என்று தீர்ப்பளித்தது.

எனவே இப்படி ஒரு வழக்கில் குற்றம் சாட்டப்பட்டவரின் வழக்கறிஞராக இருந்தால் நான் முதலில் கேட்கும் தாள் முழுப் பட்டியல்தான். முதல் பெயர் மட்டும் போதாது, இரண்டாவது, பத்தாவது, இருபதாவது ஆள் வரை மதிப்பெண்களோடு வேண்டும். முதல் ஆளுக்கும் அடுத்த ஆளுக்கும் நூலளவுதான் வித்தியாசம் என்றால் அந்தப் பொருத்தம் எதையும் சொல்லவில்லை. அப்புறம் சாட்சிக்குப் படங்களைக் காட்டிய அதிகாரியைக் கூண்டில் ஏற்றி ஒரே கேள்வி கேட்பேன்: அந்தத் தாளில் சந்தேக நபர் எத்தனையாவது இடத்தில் இருக்கிறார் என்று அப்போது உங்களுக்குத் தெரியுமா?